சிரோசிஸ் நோயாளிக்குச் சாக் 0.9: எப்படிப் படிப்பது?

தாலுகா_டூட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ரிப்போர்ட்டில் கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்கள்.

54 வயது ஆண், பல வருடக் குடிப்பழக்கம். இரண்டு மாதமாக வயிறு ஊதிக்கொண்டு வருகிறது, கால் வீக்கம், கண்ணில் லேசான மஞ்சள். மாலையில் காய்ச்சல் வருவதாக மனைவி சொல்கிறார். வார்டில் அளந்ததில் ஒரே ஒரு நாள்தான் 100 டிகிரி தாண்டியது. ஸ்கேனில் ஈரல் சுருங்கி மேடுபள்ளமாக இருக்கிறது, மண்ணீரல் 15 செ.மீ., நிறைய நீர். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் இரண்டாம் கிரேடு வேரிசஸ்.

சீரம் அல்புமின் 2.4 கிராம். வயிற்று நீரில் அல்புமின் 1.5, மொத்தப் புரதம் 3.2. இரண்டு அல்புமினுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது சாக், 0.9. நீரில் செல் 480, அதில் 75 சதவீதம் லிம்போசைட், 10 சதவீதம் நியூட்ரோஃபில். ஏ.டி.ஏ. 33.

வேரிசஸும் மண்ணீரலும் போர்ட்டல் அழுத்தம் கூடுதல் என்கின்றன. சாக் 1.1க்குக் கீழே இருப்பதால் அப்படியில்லை என்கிறது. எதை நம்புவது? காசநோய் மருந்து தொடங்கிவிடலாமே என்றும் இங்கே பேச்சு இருக்கிறது.

பிஜி_மெடிசின்

சாக் 1.1க்குக் கீழே என்றால் நீர் போர்ட்டல் அழுத்தத்தால் வந்தது இல்லை. புரதம் 2.5க்கு மேலே, லிம்போசைட் அதிகம், மாலைக் காய்ச்சல். நம் ஊரில் இது காசநோய்ப் பெரிட்டோனைட்டிஸ்தான். ஏ.டி.ஏ. 39ஐத் தொடவில்லை என்பதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏ.டி.டி. ஆரம்பிக்கலாம், இரண்டு வாரத்தில் வயிறு குறைகிறதா என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

ஈரல்வழி

டூட்டி டாக்டர், தயவுசெய்து இன்று எதையும் தொடங்க வேண்டாம். பிஜி சொன்னதில் காசநோயைச் சந்தேகிப்பது சரி. ஆனால் 0.9 என்ற எண்ணிலிருந்து அங்கே போகும் பாதை சரியில்லை.

அந்த வித்தியாசம் எதனால் உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சிரோசிஸில் ஈரலின் சைனுசாய்டுகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது, அது நீரை வெளியே தள்ளுகிறது. நாள்பட்ட நோயில் அந்தச் சுவர்களின் துளைகள் அடைபட்டுவிடுவதால் நீர் போகும் அளவுக்கு அல்புமின் போவதில்லை. ரத்தத்தில் தங்கும் அல்புமின் நீரை உள்ளே இழுக்கிறது. வெளியே தள்ளும் அழுத்தமும் உள்ளே இழுக்கும் அல்புமின் வித்தியாசமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும் இடத்தைத்தான் நாம் சாக் என்று அளக்கிறோம். அழுத்தம் கூடினால் வித்தியாசமும் கூடித்தான் ஆக வேண்டும். பெரிட்டோனியத்திலேயே நோய் இருந்தால் நீர் அங்கேயே புரதத்தோடு கசிகிறது, பின்னால் அழுத்தம் எதுவும் இல்லை, அதனால் வித்தியாசம் சிறிதாக இருக்கிறது.

இப்போது உங்கள் நோயாளி. அவருக்கு வேரிசஸ் இருக்கிறது, மண்ணீரல் பெரிது. போர்ட்டல் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. இதற்கு மேல் காசநோயும் வந்திருந்தால் அந்த அழுத்தம் எங்கே போகும்? போகாது. சிரோசிஸ் நோயாளிக்குக் காசநோய்ப் பெரிட்டோனைட்டிஸும் சேர்ந்தால் சாக் பெரும்பாலும் 1.1க்கு மேலேயே நிற்கும். ஆகவே இவருக்கு 0.9 வந்ததைக் காசநோய் மட்டும் விளக்கிவிடாது. முதலில் கேட்க வேண்டியது, 0.9 என்பது உண்மையான எண்தானா என்று.

1992 இல் ரன்யான் குழு 901 இணை மாதிரிகளில் பார்த்தபோது 1.1 என்ற வரம்பு ஏறக்குறைய 97 சதவீதம் சரியாகப் பிரித்தது. பழைய முறையில் நீரின் மொத்தப் புரதம் 2.5க்கு மேலா கீழா என்று பிரித்தால் 56 சதவீதம்தான் சரி. 97 நல்ல எண், ஆனால் மீதி 3 எங்கே விழுகிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். இவற்றைச் சொல்லுங்கள்:

ரத்தமும் நீரும் ஒரே நாளில் எடுத்ததா? ஒரே லேபா? நடுவில் அல்புமின் ஏற்றினீர்களா? நீர் எடுத்தபோது பி.பி. எவ்வளவு? சீரம் மொத்தப் புரதம் எவ்வளவு? நீர் பால் போல இருந்ததா?

தாலுகா_டூட்டி

ஒரே நாள் இல்லை சார். ரத்தம் அட்மிஷன் அன்று, திங்கள்கிழமை, இங்கேயே பார்த்தது. நீர் வெள்ளிக்கிழமை எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினோம், இங்கே உடல் திரவ அல்புமின் செய்வதில்லை. நடுவில் வாந்தி இருந்ததால் இரண்டு பாட்டில் சலைன் போனது, புதன்கிழமையிலிருந்து ஃப்ரூசிமைடு. அல்புமின் ஏற்றவில்லை. பி.பி. 96/60, ஆள் தெளிவாக இருந்தார். நீர் மஞ்சள், சற்றுக் கலங்கல், பால் போல இல்லை. சீரம் மொத்தப் புரதம் 7.8.

நிறமானி

லேப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பயோகெமிஸ்ட்ரி பிரிவு.

அந்த 0.9ஐ நான் ஒரு எண்ணாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். கழித்துக் கிடைக்கும் விடையில் இரண்டு அளவைகளின் பிழையும் சேர்ந்து உட்காரும். சீரத்தில் 0.1 இந்தப் பக்கம், நீரில் 0.1 அந்தப் பக்கம் போனாலே உங்கள் 0.9 என்பது 0.7இல் இருந்து 1.1 வரை எங்கேயும் இருக்கலாம். இது ஒரே மெஷினில், ஒரே நாளில், ஒரே கேலிப்ரேஷனில் ஓட்டினால். நீங்கள் இரண்டு லேப், நான்கு நாள் இடைவெளி. அந்த லேபின் கேலிப்ரேஷன் 0.2 தள்ளியிருந்தால் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனியாகப் பார்க்கும்போது ஒழுங்காகவே இருக்கும்.

அடுத்தது முறை. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் பி.சி.ஜி., அதாவது புரோமோகிரசால் கிரீன் சாயம். அல்புமின் அதனோடு சில நொடிகளில் சேர்ந்து நிறம் காட்டிவிடும். குளோபுலின்களும் சேரும், ஆனால் மெதுவாக. முதல் அரை நிமிடத்தில் வாசித்தால் கிடைப்பது பெரும்பாலும் அல்புமின். செமி ஆட்டோ மெஷினில் டியூப்களை வரிசையாக வைத்துவிட்டு ஐந்து, பத்து நிமிடம் கழித்து வாசித்தால் குளோபுலினும் அல்புமின் கணக்கில் ஏறிவிடும். அல்புமின் குறைந்து குளோபுலின் கூடிய ஈரல் நோயாளியிடம்தான் இந்தப் பிழை பெரிதாகத் தெரியும், அரை கிராம் வரைகூடப் போகலாம். பி.சி.பி. சாயம் வைத்திருக்கும் லேபில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, கீழ் எல்லை. கிட் சீரத்துக்காகச் செய்யப்பட்டது. வழக்கமான சிரோசிஸ் நீரில் அல்புமின் ஒரு கிராமுக்கும் கீழே இருக்கும், பல கிட்டுகளில் அந்த அளவில் நேர்கோடு கிடையாது. மெஷின் கொடியும் காட்டும், அதைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் டைப் செய்து அனுப்புகிறவர்கள் உண்டு. நாங்கள் செய்வது: திரவத்தை முதலில் சுழற்றி மேல்நீரை எடுப்போம், ஃபைப்ரின் நூல் இருந்தால் மெஷினின் ஊசி அடைத்துக் குறைவான அளவு போகும். பிறகு மாதிரி அளவை இரட்டித்து ஓட்டி, விடையைப் பாதியாக்குவோம். இவருக்கு 1.5 என்பதால் இந்த மூன்றாவது பிரச்சினை அவ்வளவு பெரிதில்லை.

சுருக்கமாக என் வேண்டுகோள்: இரண்டையும் ஒன்றாக எடுத்து ஒரே லேபுக்கு அனுப்புங்கள். ரிக்வஸ்ட் ஃபார்மில் ‘இரண்டையும் ஒரே ரன்னில் ஓட்டவும்’ என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சீரம் காலை பேட்ச்சில் போகும், திரவம் மறுநாள் போகும்.

மணிமுத்தாறு

ஐயா, நான் டாக்டர் இல்லீங்க. எங்க அப்பாவுக்கும் இதே வயித்துத் தண்ணிதான். போன வருஷம் இந்த சாக் 1.3ன்னு இருந்துச்சு, இப்ப 1.8ன்னு போட்ருக்காங்க. 1.1தான் நார்மல்னா இது ரொம்ப ஏறிடுச்சே, நோய் முத்திடுச்சா? ரத்தத்துல அல்புமின் 2.6. தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு குடுக்கச் சொல்றாங்க. குடுத்தா இந்த 1.8 இறங்குமா?

ஈரல்வழி

ஐயா, பயப்பட வேண்டாம். 1.1 என்பது சர்க்கரைக்கு 140 என்று சொல்வதுபோல நார்மல் அளவு இல்லை. நீர் எந்த வழியாக வருகிறது என்று பிரிக்கும் கோடு. 1.1ஓ அதற்கு மேலோ இருந்தால் போர்ட்டல் அழுத்தத்தால் வருகிறது என்று பொருள், உங்கள் அப்பாவுக்குப் போன வருடமும் அதேதான், இந்த வருடமும் அதேதான். எண் கூடினால் அழுத்தமும் கூடியிருக்கும் என்ற தொடர்பு இருக்கிறது, ஆனால் அது தளர்வானது. மேலே லேப் மேடம் சொன்ன பிழைகளையும் சேர்த்துப் பார்த்தால், 1.3க்கும் 1.8க்கும் நடுவிலான மாற்றத்தை வைத்து நோய் முற்றியது, குறைந்தது என்று சொல்ல முடியாது. மஞ்சள், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின், சோடியம், மனத் தெளிவு, இவற்றைத்தான் அதற்குப் பார்ப்பார்கள்.

முட்டை கொடுங்கள், ஆனால் சாக்கை இறக்குவதற்காக இல்லை. ஈரல் நோயாளிக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், சதை கரையாமல் இருக்க. சாப்பிட்ட முட்டை நேராக ரத்த அல்புமினாக ஏறாது, அதைச் செய்ய வேண்டியது அந்த ஈரல்தான். நீர் குறைய உப்பைப் பாருங்கள்: சமையல், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் மாற்று உப்பைத் தொட வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு ஆபத்து. மற்றதை அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

மணிமுத்தாறு

ரொம்ப நன்றிங்க ஐயா. ஊறுகாய இன்னைக்கே நிறுத்திடுறோம்.

வார்டு_சிஸ்டர்

மாதிரி எடுக்கிற இடத்திலேயே நடக்கிற தவறுகளைச் சொல்கிறேன், டாக்டர்கள் பார்ப்பது ரிப்போர்ட்டை மட்டும்தான்.

சலைன் ஓடிக்கொண்டிருக்கும் கையிலேயே, அதற்கு மேல் பக்கம் ரத்தம் எடுத்துவிடுவார்கள். சீரம் அல்புமின் பொய்யாக இறங்கிவிடும், சாக்கும் கூடவே இறங்கும். மற்ற கையில் எடுக்க வேண்டும். அல்புமின் பாட்டில் தொங்கவிட்ட பிறகு ரத்தம் எடுத்தால் இதற்கு எதிர்ப்பக்கம்: சீரம் ஏறிவிடும், வயிற்று நீர் அதைப் பிடிக்க நேரம் ஆகும், சாக் பொய்யாகக் கூடும். அதனால் டேப் செய்யப்போகிறோம் என்றால் முதலில் ரத்தம், உடனே நீர், அதற்குப் பிறகுதான் அல்புமின்.

நீரை முதல் சிரிஞ்சிலேயே எடுத்துவிடுங்கள். டிரெயின் பையில் நாலு மணி நேரம் கிடந்ததை ஊற்றி அனுப்பக் கூடாது. அல்புமின், புரதத்துக்கு சிவப்பு மூடி டியூப், செல்லுக்கு ஊதா மூடி டியூப். ஊதா இல்லாமல் அனுப்பினால் கட்டியாகி செல் எண்ணிக்கை குறைந்து வரும். கல்ச்சருக்கு 10 மில்லியைப் படுக்கை பக்கத்திலேயே பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஊசியால் ஏற்றிவிட வேண்டும். ரத்த டியூப், நீர் டியூப் இரண்டிலும் எடுத்த மணியை எழுதுங்கள்.

தாலுகா_டூட்டி

சிஸ்டர், திங்கள்கிழமை ரத்தம் எடுத்தபோது சலைன் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை.

நிறமானி

அதற்கு ரிப்போர்ட்டிலேயே பதில் இருக்கிறது. சலைன் கலந்திருந்தால் அல்புமின் மட்டும் இறங்காது, எல்லாப் புரதமும் ஒரே விகிதத்தில் இறங்கும். மொத்தப் புரதம் 7.8 இருக்கிறதே. கலந்திருக்க வாய்ப்பில்லை.

ஈரல்வழி

அந்த 7.8தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 7.8இல் 2.4 போனால் குளோபுலின் 5.4. இது மிக அதிகம்.

சாக் வித்தியாசத்தில் நாம் அல்புமினை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். ஆனால் ரத்தத்துக்குள் நீரை இழுத்துப் பிடிப்பதில் குளோபுலினுக்கும் பங்கு உண்டு, அளவு சாதாரணமாக இருக்கும்போது அது சிறியது, விட்டுவிடலாம். 5 கிராமைத் தாண்டும்போது அதுவும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால், அதே போர்ட்டல் அழுத்தத்துக்கு ஈடாகக் குறைந்த அல்புமின் வித்தியாசமே போதும். ஆகவே சாக் பொய்யாகக் குறைந்து தெரியும். இதற்குத் திருத்தம் இருக்கிறது:

```
திருத்திய சாக் = சாக் × 0.16 × (சீரம் குளோபுலின் + 2.5)
```

எல்லாம் டெசிலிட்டருக்குக் கிராமில். உங்கள் நோயாளிக்கு 5.4 உடன் 2.5 சேர்த்தால் 7.9. அதை 0.16ஆல் பெருக்கினால் 1.26. அதை 0.9ஆல் பெருக்கினால் 1.14. கோட்டைத் தாண்டிவிட்டது. வேரிசஸ் சொல்வதும் எண் சொல்வதும் இப்போது ஒத்துப்போகின்றன.

பி.பி. பற்றி ஏன் கேட்டேன் என்றால், ஷாக்கில் இருக்கும்போது போர்ட்டல் அழுத்தமும் சேர்ந்து இறங்கும், அப்போது எடுத்த சாக் குறையும். 96/60 இந்த நிலை நோயாளிக்கு வழக்கம்தான், அதைக் காரணம் சொல்ல மாட்டேன். பால் போல இருந்தால் கொழுப்பு அளவையைக் குழப்பும், அதுவும் இல்லை. சீரம் அல்புமினே 1.1க்குக் கீழே இருந்தால் 1.1 வித்தியாசம் வரவே வழியில்லை, அதுவும் இவருக்கு இல்லை.

நிறமானி

டாக்டர், இந்தத் திருத்தத்தில் எனக்கு ஒரு தடை இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

பி.சி.ஜி. சாயம் குளோபுலினையும் அல்புமினாக எண்ணும் என்று மேலே சொன்னேன். இவருக்குச் சீரத்தில் குளோபுலின் 5.4. நீரில் மொத்தம் 3.2இல் 1.5 போக 1.7தான். அப்படியானால் சீரத்தில் பிழை அதிகம், நீரில் குறைவு. கழிக்கும்போது வித்தியாசம் பெரிதாகிறது. அதாவது குளோபுலின் கூடியவரிடம் சாயம் சாக்கைத் தூக்கிவிடுகிறது. உடலியல் அதைக் குறைக்கிறது. நீங்கள் உடலியலுக்கு மட்டும் திருத்தம் போட்டுப் பெருக்கினால், சாயம் ஏற்கனவே தூக்கியதையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறீர்கள். அந்த 1.14இல் எவ்வளவு உண்மை என்று பி.சி.ஜி. லேபில் இருந்து சொல்ல முடியாது.

ஈரல்வழி

நியாயமான தடை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எலக்ட்ரோஃபோரசிஸில் அல்புமினைத் தனியாக அளந்து கழித்தால் தெளியும். ஆனால் இவருக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் போர்ட்டல் அழுத்தத்துக்கான சான்று சாக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. திருத்தம் போட்டதன் பயன், ‘0.9 வந்துவிட்டதே, சிரோசிஸ் நீரே இல்லை’ என்ற முடிவுக்குத் தாவாமல் நிறுத்துவது. அதற்குமேல் அந்த 1.14ஐ நானும் இழுக்க மாட்டேன்.

பிஜி_மெடிசின்

சரி சார், சாக்கை ஒதுக்கி வைப்போம். புரதம் 3.2 இருக்கிறதே? சிரோசிஸ் நீரில் 2.5க்குக் கீழே அல்லவா இருக்கும்? லிம்போசைட்டும் இருக்கிறது. போர்ட்டல் அழுத்தம் இருப்பதால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாதே.

ஈரல்வழி

இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. போர்ட்டல் அழுத்தம் உறுதியானதும் காசநோயை அடித்துவிட்டால் அதுவும் அதே அளவு தவறு.

புரதம் 3.2க்கு மூன்று வழி. ஒன்று, நீர்மாத்திரை. நீர் குறையும்போது புரதம் செறிவாகும், மொத்தப் புரதம் ஏறும், சாக் பெரிதாக மாறாது. ஆனால் இவருக்கு இரண்டு நாள் ஃப்ரூசிமைடுதான் போயிருக்கிறது, அதனால் இவ்வளவு ஏறாது. இரண்டு, இதயம். சாக் கூடுதல், புரதம் 2.5க்கு மேல் என்ற சேர்க்கை வந்தால் கழுத்து நாளத்தைப் பாருங்கள், எக்கோ எடுங்கள். இதய அடைப்பில் சைனுசாய்டு அழுத்தம் ஏறினாலும் சுவரின் துளைகள் அடைபடவில்லை, புரதம் தாராளமாக வெளியே போகும். நம் நாட்டில் பெரிகார்டியம் இறுகிப்போய், ஈரல் நோய் என்றே வருடக்கணக்கில் வைத்தியம் நடப்பதுண்டு. மூன்று, சிரோசிஸின் மேல் பெரிட்டோனியத்தில் இரண்டாவது நோய்: காசநோய் அல்லது புற்று.

நியூட்ரோஃபில் 480இல் 10 சதவீதம், 48. 250 என்ற வரம்புக்கு வெகு கீழே, ஆகவே தன்னிச்சையான பாக்டீரியப் பெரிட்டோனைட்டிஸ் இல்லை. லிம்போசைட் மேலோங்கிய 480 செல் வெறும் சிரோசிஸுக்குக் கூடுதல்தான். ஏ.டி.ஏ. 33 நடுவில் நிற்கிறது. 39ஐ வரம்பாக வைப்பது வழக்கம், சிரோசிஸ் இருந்தால் அதைக் குறைத்துவைக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் 33ஐ வைத்துத் தொடங்கவும் மாட்டேன், மூடவும் மாட்டேன்.

‘இரண்டு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்போம்’ என்பதை மட்டும் ஏற்க முடியாது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. இவருக்கு ஏற்கனவே மஞ்சள் இருக்கிறது. பத்தாம் நாள் பிலிருபின் ஏறினால் நோயா, மருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே உப்பையும் குறைத்து ஸ்பைரனோலாக்டோனும் கொடுப்பீர்கள், வயிறு அதனால் குறையும், ஏ.டி.டி. வேலை செய்தது என்று எழுதிவிடுவீர்கள்.

பிஜி_மெடிசின்

ஆனால் தாமதமானால் காசநோய்ப் பெரிட்டோனைட்டிஸ் சிரோசிஸ் நோயாளியைக் கொன்றுவிடும். தாலுகாவில் லேப்ரோஸ்கோப்பி கிடைக்காது. எல்லாருக்கும் திசு ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

ஈரல்வழி

காலவரம்பு வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்குள் முடிக்கக்கூடியவற்றை முடிப்போம். அதற்குள் நிலை மோசமானால் ஈரலைக் குறைவாகத் தாக்கும் சேர்க்கையைப் பற்றி மெடிக்கல் காலேஜில் பேசலாம். முதலில் விலக்க வேண்டியது பைரசினமைடு.

டூட்டி டாக்டர், ரத்தமும் நீரும் ஒரே வேளையில், ஒரே லேபில் மறுபடி. ஏ.டி.ஏ., செல் மறுபடி. சிபிநாட்டுக்கு ஒரு டியூப், ஆனால் அது நெகட்டிவ் என்று வந்தால் காசநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வயிற்று நீரில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். சைட்டாலஜிக்கு 10 மில்லி போதாது, 50 மில்லிக்குக் குறையாமல் அனுப்புங்கள். எக்கோ. கிரியேட்டினின் சரியாக இருந்தால் வயிற்று சி.டி.

தாலுகா_டூட்டி

பத்து நாள் ஆகிவிட்டது, முடிவுகள் வந்திருக்கின்றன.

காலை பத்து மணிக்கு வலக்கையில் ரத்தம், உடனே இடது கீழ் வயிற்றில் நீர், இரண்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனை லேபுக்கு, ஒரே ரன் என்று எழுதி அனுப்பினேன். சீரம் அல்புமின் 2.5, மொத்தப் புரதம் 7.8. நீரில் அல்புமின் 1.4, மொத்தப் புரதம் 3.3. சாக் 1.1. குளோபுலின் 5.3 வைத்துத் திருத்தினால் 1.37 வருகிறது. செல் 560, லிம்போசைட் 80 சதவீதம். ஏ.டி.ஏ. 41. சிபிநாட் நெகட்டிவ். சைட்டாலஜியில் புற்றுச் செல் இல்லை. எக்கோ நார்மல், பெரிகார்டியம் தடிப்பில்லை. கல்ச்சரில் இதுவரை வளர்ச்சி இல்லை. கிரியேட்டினின் 0.9, சி.டி. எடுத்தோம்: ஓமெண்டம் லேசாகத் தடித்திருக்கிறது, பெரிட்டோனியம் ஒரு சில இடங்களில் நிறமேறித் தெரிகிறது.

உப்பு குறைத்து ஸ்பைரனோலாக்டோன் 100, ஃப்ரூசிமைடு 40 கொடுத்ததில் எடை மூன்று கிலோ இறங்கியிருக்கிறது.

நிறமானி

பாருங்கள், இரண்டு எண்ணும் ஆளுக்கு 0.1தான் நகர்ந்திருக்கின்றன. சீரம் மேலே, நீர் கீழே. அதற்கே கோட்டின் மறுபக்கம் வந்துவிட்டது. 0.9இல் இருந்து 1.2 வரை வருகிற எந்த ரிப்போர்ட்டையும் ஒருமுறை மறுபடி ஓட்டாமல் அனுப்பக் கூடாது என்று எங்கள் லேபில் வைத்திருப்பது இதனால்தான்.

ஈரல்வழி

போர்ட்டல் அழுத்தம் இருக்கிறது, நீர்மாத்திரைக்குக் கேட்கிறது. அதைத் தொடருங்கள், கால் வீக்கம் போன பிறகு எடை நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க விடாதீர்கள், சோடியமும் பொட்டாசியமும் வாரம் ஒருமுறை.

இதயம் இல்லை என்று ஆகிவிட்டது. புரதமும் லிம்போசைட்டும் மறுமுறையும் அப்படியே நிற்பதாலும், ஏ.டி.ஏ. 41 ஆனதாலும், ஓமெண்டம் தடித்திருப்பதாலும், இரண்டாவது நோய்க்கான சந்தேகம் எனக்கு இப்போது முன்பைவிட வலுவாக இருக்கிறது. சாக்கால் அதைச் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தடித்த ஓமெண்டம் ஸ்கேனில் தெரிந்தால் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலில் ஊசி பயாப்சி எடுக்கலாம், லேப்ரோஸ்கோப்பி வரை போக வேண்டியதில்லை. திசுவில் பாதியை ஃபார்மலினில் போடுங்கள், பாதியைச் சலைனில் போட்டு சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புங்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது.

பிஜி_மெடிசின்

பயாப்சியில் கிரானுலோமா இல்லாமல் ‘நாள்பட்ட அழற்சி’ என்று மட்டும் வந்தால் என்ன செய்வீர்கள் சார்?

ஈரல்வழி

அப்போது கல்ச்சருக்கு ஆறு வாரம் காத்திருப்பதா, பைரசினமைடு இல்லாமல் தொடங்குவதா என்று பிலிருபினையும் ஐ.என்.ஆரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, உங்கள் கவலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தாலுகா_டூட்டி

பயாப்சிக்கு மெடிக்கல் காலேஜில் வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். பிலிருபின் 3.1, ஐ.என்.ஆர். 1.6. சலைன் பாட்டில் ஒன்று தனியாகக் கொடுத்தனுப்புகிறேன். திசு முடிவு வந்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன்.